பலகாரத் தொழிற்கூடக் கடன்: திட்ட அறிக்கையில் டி.எஸ்.சி.ஆர். 1.27, வங்கி மேலாளர் கணக்கில் 1.00

கோட்டையூர்ப் பலகாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமியார் காலத்திலிருந்து கோட்டையூரில் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் ஆகியவற்றை வீட்டிலேயே செய்து, கல்யாண வீடுகளுக்கும் காரைக்குடி, மதுரைக் கடைகளுக்கும் கொடுத்து வருகிறோம். வீட்டு முற்றத்தில் இனி இடம் போதாது என்பதால், கொட்டகை போட்டு, மாவு பிசையும் இயந்திரம், பொரிக்கும் இயந்திரம், பொட்டலம் கட்டும் இயந்திரம் எல்லாம் வாங்கிப் பெரிதாகச் செய்ய முடிவு செய்தோம். மொத்தச் செலவு 40 லட்சம் ரூபாய். அதில் இயந்திரங்களுக்கு 26 லட்சம், கொட்டகைக்கும் மின் இணைப்புக்கும் 8 லட்சம், சரக்கு வாங்கவும் ஆரம்பச் செலவுக்கும் 6 லட்சம். எங்கள் கையிலிருந்து 10 லட்சம் போடுகிறோம். 30 லட்சத்தை வங்கியில் 11 விழுக்காடு வட்டிக்கு, ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 6 லட்சமாகத் திருப்பிக் கட்டும் தவணைக் கடனாகக் கேட்டிருக்கிறோம்.

ஆடிட்டர் அலுவலகத்தில் போட்டுக் கொடுத்த திட்ட அறிக்கையின்படி, சரக்கு, கூலி, மின்சாரம், வண்டிச் செலவு எல்லாம் போக முதல் ஆண்டில் 11.40 லட்சம் மிஞ்சும். அந்த ஆண்டு அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டியது 8.97 லட்சம். ஆகவே மிஞ்சும் பணத்தைக் கட்ட வேண்டிய தொகையால் வகுத்துப் பார்க்கும் டி.எஸ்.சி.ஆர். விகிதம் 1.27 என்றும், ஐந்து ஆண்டுச் சராசரி 1.81 என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கிளை மேலாளர் அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் 1.00 என்று எழுதி, சரிசெய்து கொண்டுவரும்படி திருப்பிக் கொடுத்துவிட்டார். தேய்மானம், வட்டி எல்லாம் கழித்த பிறகும் 3.73 லட்சம் லாபம் காட்டும் தொழில் எப்படிக் கடனைத் தாங்காது என்று எனக்குப் புரியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் அண்ணன் 6 லட்சம் தர முன்வந்திருக்கிறார். அதைக் கடனாக வாங்குவதா, அவரைப் பங்காளியாகச் சேர்ப்பதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தேவகோட்டைக் கணக்கர் எழுதியது:

ஆச்சி, உங்கள் ஆடிட்டர் அலுவலகம் போட்ட கணக்கில் பிழை இல்லை. நிகர லாபம் 3.73 லட்சத்தோடு, கையை விட்டுப் போகாத செலவாகிய தேய்மானம் 4.70 லட்சத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். கடனுக்கான வட்டி 2.97 லட்சத்தையும் கூட்ட வேண்டும், ஏனென்றால் அந்த வட்டி கீழே கட்ட வேண்டிய தொகையிலும் இருக்கிறது. கூட்டினால் 11.40 லட்சம் வரும். அதை 8.97 லட்சத்தால் வகுத்தால் 1.27. இதுதான் நாங்கள் எல்லா அறிக்கைகளிலும் போடும் முறை. வங்கிகள் பெரும்பாலும் பார்ப்பது சராசரியைத்தான்; அது 1.5க்கு மேல் இருந்தால் போதும். உங்களுக்கு 1.81 இருக்கிறது. மேலாளர் எங்கோ தவறாகக் கழித்திருக்கிறார், போய் விளக்கிச் சொல்லுங்கள்.

கடன்பிரிவில் இருந்தவன் எழுதியது:

நான் ஒரு வங்கியில் சிறுதொழில் கடன் விண்ணப்பங்களை ஆய்ந்து பரிந்துரைக்கும் வேலையில் பல காலம் இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கர் ஐயா சொன்ன சூத்திரம் சரியானது. மேலாளர் கழித்ததும் சரியானது என்றே நினைக்கிறேன்.

நீங்கள் தனி உரிமையாளராகத் தொழில் செய்கிறீர்கள். அந்தத் தொழிலில் உங்களுக்குச் சம்பளம் என்று ஒன்றும் எழுதப்படவில்லை. அப்படியானால் வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் எல்லாம் அந்த 11.40 லட்சத்திலிருந்துதான் போக வேண்டும். மாதம் 20,000 ரூபாய் எடுப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2.40 லட்சம். அதைக் கழித்தால் மிஞ்சுவது 9.00 லட்சம், கட்ட வேண்டியது 8.97 லட்சம். மேலாளர் எழுதிய 1.00 இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தொகையில் அது அப்படியே பொருந்துகிறது. ஒரு நிறுவனமாக இருந்து, இயக்குநர் சம்பளம் செலவிலேயே எழுதப்பட்டிருந்தால் இந்தக் கழிப்பு தேவைப்படாது.

சராசரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசல் குறையக் குறைய வட்டி குறைவதாலும், விற்பனை ஆண்டுதோறும் கூடுவதாகத் திட்டத்தில் எழுதுவதாலும், எல்லா அறிக்கைகளிலும் கடைசி ஆண்டுகளின் விகிதம் தானாகவே உயர்ந்து நிற்கும். உங்கள் அறிக்கையில் ஐந்தாம் ஆண்டு 2.45 என்று இருக்கும். அந்த ஐந்தாம் ஆண்டின் வசதி முதல் ஆண்டின் தவணையைக் கட்ட உதவாது. ஆகையால் சராசரியோடு கூட, எந்த ஆண்டில் விகிதம் மிகத் தாழ்ந்து இருக்கிறது என்பதையும் பார்ப்போம். நான் இருந்த இடத்தில் சராசரி 1.5, எந்த ஓர் ஆண்டிலும் 1.2க்குக் கீழே போகக் கூடாது என்ற அளவை வைத்திருந்தோம். வங்கிக்கு வங்கி இது சற்று மாறும்.

பதில் சொல்வதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் போடும் 10 லட்சம் எங்கிருந்து வருகிறது?

ஆத்தங்குடிக் கல் எழுதியது:

வணக்கம். நான் ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். இவ்வளவு கணக்குப் பார்ப்பதற்குப் பதில் மத்திய அரசின் மானியத்தோடு கடன் கிடைக்கும் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் போகலாமே. நான் அதில்தான் கடன் வாங்கினேன். கிராமப் பகுதியில் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 விழுக்காடு மானியம், சொந்தப் பங்கு 5 விழுக்காடு போதும். 40 லட்சத்துக்கு 14 லட்சம் மானியம் வந்துவிட்டால் கடன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும், இந்த விகிதப் பிரச்சினையே எழாது. மேலும் கோட்டையூரில் வீடு இருக்கிறது அல்லவா? அதை அடமானம் வைத்தால் வங்கி மறுபேச்சுப் பேசாது.

கடன்பிரிவில் இருந்தவன் எழுதியது:

தம்பி, அந்தத் திட்டத்தில் நீங்கள் சொல்லும் 35 விழுக்காடு மானியம் புதிதாகத் தொடங்கும் தொழில்களுக்கு மட்டுமே. சகோதரியின் தொழில் ஏற்கெனவே பதிவு பெற்று நடந்துகொண்டிருந்தால் அதில் சேர முடியாது. சேர முடிந்தாலும் மானியம் கடன் கணக்கில் உடனே வரவு வைக்கப்படுவதில்லை. மூன்று ஆண்டுகள் உங்கள் பெயரில் வைப்பாக நின்று, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பிறகே அசலில் கழிக்கப்படும். அந்தத் தொகை அளவுக்குக் கடனில் வட்டி போடமாட்டார்கள் என்பது உண்மை. அது ஓரளவு உதவும். ஆனால் முதல் ஆண்டுத் தவணைகளைத் தொழிலின் வருவாயிலிருந்தே கட்டியாக வேண்டும்.

கண்டனூர்வாசி எழுதியது:

வீட்டை அடமானம் வைத்தால் போதும் என்ற கருத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்ப் பெரியவர்கள் பர்மாவில் லேவாதேவி செய்தபோது நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1930களின் மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது கடன் வாங்கியவர்களிடம் ஈடு இருந்தது, ஆனால் வட்டி கட்டக் காசு இல்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் அது ஏறக்குறைய 25 விழுக்காடாக ஆனது. பணம் கொடுத்தவர்கள் கேட்டது நிலத்தை அல்ல. பிறகு போர் வந்து அந்த நிலமும் போயிற்று. ஈடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கடன் திரும்புவது விளைச்சலிலிருந்துதான். வங்கி இந்த விகிதத்தைத் தனியாகப் பார்ப்பதன் காரணம் இதுவே என்று கருதுகிறேன். கடன் கேட்பவருக்கும் இது பாதுகாப்புதான்; வீட்டை விற்று அடைக்கும் நிலை வரக் கூடாது.

கோட்டையூர்ப் பலகாரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எங்கள் தொழில் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்யப்பட்டது, ஆகையால் ஆத்தங்குடித் தம்பி சொன்ன திட்டம் எங்களுக்குப் பொருந்தாது.

ஐயா கேட்ட கேள்விக்கு மறைக்காமல் சொல்கிறேன். 10 லட்சத்தில் 6 லட்சம் எங்கள் சேமிப்பு. மீதி 4 லட்சத்தை வேறொரு வங்கியில் நகைக்கடனாக வாங்கி, சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறோம். வட்டி 9.5 விழுக்காடு, ஓர் ஆண்டுக்குள் மீட்க வேண்டும். நகை எங்களுடையதுதானே, அதனால் அதைச் சொந்தப் பணம் என்றே எழுதினோம்.

கடன்பிரிவில் இருந்தவன் எழுதியது:

வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி, அம்மா. நான் இதைத்தான் எதிர்பார்த்தேன், ஏனென்றால் நம் பகுதியில் சொந்த முதல் என்று காட்டப்படும் பணத்தில் நகைக்கடன் கலந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நகை உங்களுடையது, ஆனால் நகையை வைத்து வாங்கிய பணம் கடன். உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்த உடனே அது மேலாளருக்குத் தெரிந்துவிடும்.

அதைக் கடன் என்று வைத்தால் இரண்டு கணக்குகள் மாறுகின்றன. நீங்கள் காட்டியது 30 லட்சம் கடனுக்கு 10 லட்சம் சொந்த முதல், அதாவது ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய். உண்மையில் 34 லட்சம் கடனுக்கு 6 லட்சம் சொந்த முதல். ஒரு ரூபாய்க்கு ஐந்தரை ரூபாய்க்கும் மேல். தவணை தாங்கும் கணக்கில் நகைக்கடன் வட்டி 38,000 ரூபாயைச் சேர்த்தாலே முதல் ஆண்டு விகிதம் 0.96 ஆகிறது. ஓராண்டு முடிவில் நகையை மீட்க 4 லட்சமும் வேண்டும் என்று சேர்த்தால், 9.00 லட்சத்தை வைத்துக்கொண்டு 13.35 லட்சம் கட்ட வேண்டியிருக்கும், விகிதம் 0.67. இப்படிப்பட்ட நிலையில் நடப்பது என்னவென்றால், முதல் ஆறு ஏழு தவணைகள் ஒழுங்காகப் போகும், பிறகு சரக்கு வாங்க வங்கி தரும் சுழல் கடனாகிய சி.சி. கணக்கிலிருந்து பணத்தை எடுத்துத் தவணை கட்டத் தொடங்குவார்கள், அதன் பிறகு எண்ணெய்க் கடைக்கும் மாவு மில்லுக்கும் பாக்கி நிற்கும். சி.சி. கணக்கு எந்நேரமும் எல்லையைத் தொட்டுக்கொண்டே இருப்பதும், சரக்குக் கொடுப்பவர்களின் பாக்கி நீள்வதும்தான் முதல் அறிகுறிகள்; தவணை தவறுவது அதற்குப் பின்பே நடக்கும்.

எனவே அண்ணன் தரும் 6 லட்சத்தில் முதல் வேலை, அந்த 4 லட்சத்தின் இடத்தை நிரப்புவது. கணக்கில் சும்மா இருக்கும் நகைக்கடன் பணத்தைக் கட்டி நகையை மீட்டுவிடுங்கள். மீதி 2 லட்சம் வங்கிக் கடனைக் குறைக்கும். அப்போது சேமிப்பு 6, அண்ணன் 6, வங்கி 28 லட்சம். இப்படியும் ஐந்து ஆண்டுத் தவணையில் முதல் ஆண்டு விகிதம் 1.08தான் வருகிறது. ஏழு ஆண்டுகளாக நீட்டினால் 1.31 ஆகும். ஆனால் மொத்த வட்டி ஏறக்குறைய 3 லட்சம் கூடும். அந்த 3 லட்சம்தான் மூச்சு விடும் இடத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை.

தேவகோட்டைக் கணக்கர் எழுதியது:

நகைக்கடன் இருப்பது தெரியாமல் மேலாளரிடம் வாதாடச் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் வீட்டு எடுப்பைச் சூத்திரத்துக்குள் கொண்டுவருவது எல்லா வங்கிகளிலும் வழக்கம் இல்லை என்பதில் நான் மாறவில்லை. சில கிளைகளில் கழிக்கிறார்கள், சில கிளைகளில் கேட்பதே இல்லை. விண்ணப்பிப்பவர் எதை நம்பி அறிக்கை தயாரிப்பது?

அண்ணனைப் பங்காளியாகச் சேர்ப்பது பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. இப்போது தனி உரிமையாளர் என்பதால் இந்த அளவு லாபத்துக்குப் புதிய வரி முறையில் உங்களுக்கு வருமான வரி வராது. கூட்டு நிறுவனமாக மாற்றினால் நிறுவனத்தின் லாபத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 விழுக்காடு வரி. பங்காளிகளின் சம்பளத்தையும், முதலுக்கு 12 விழுக்காடு வரையிலான வட்டியையும் பத்திரத்தில் எழுதிக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் முதல் ஓரிரு ஆண்டுகளில் சுமை பெரிதாகத் தெரியாது. லாபம் வளர்ந்த பிறகு தெரியும். அந்த வரியும் தவணை கட்டும் பணத்திலிருந்தே போகும்.

கடன்பிரிவில் இருந்தவன் எழுதியது:

வரி பற்றிக் கணக்கர் சொன்னது மிக முக்கியமானது. நான் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். வீட்டு எடுப்பைப் பொறுத்தவரை, மேலாளர் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதால், கழித்துப் பார்த்துவிட்டே அறிக்கை எழுதுவது நல்லது என்பது என் கருத்து.

அண்ணன் பணத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பங்காளியாகச் சேர்த்தால் மோசமான ஆண்டில் அவருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் நல்ல ஆண்டுகளில் லாபத்தில் பங்கு போய்க்கொண்டே இருக்கும், அது வங்கி வட்டியைவிடப் பல மடங்கு ஆகலாம், வரியும் சேரும். வட்டியோடு கைமாற்றாக வாங்கினால், ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றால் 72,000 ரூபாய் தவணைச் சுமையில் கூடும். வங்கியும் அதைக் கடனாகவே எண்ணும். மூன்றாவது, வட்டி இல்லாத கடனாக வாங்கி, வங்கிக் கடன் தீரும் வரை அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அண்ணன் வங்கிக்கு உறுதிமொழிக் கடிதம் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் பல வங்கிகள் அதைச் சொந்த முதலுக்கு நிகராக எடுத்துக்கொள்ளும். அந்தப் பணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேராக வர வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

ஆனால் கடிதம் கொடுத்த பிறகு, இரண்டாம் ஆண்டில் அவருடைய மகள் கல்யாணத்துக்குப் பணம் தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதை அண்ணனும் நீங்களும் இப்போதே மனம் திறந்து பேசிவிடுங்கள். வங்கிக்குத் தெரியாமல் அந்தப் பணம் வெளியே போனால், காட்டிய கடன்–முதல் விகிதம் பொய்யாகிவிடும். ஆண்டுக் கணக்கைக் கொடுக்கும்போது அது தெரிந்தும் விடும்.

கோட்டையூர்ப் பலகாரம் எழுதியது:

அண்ணனிடமும் அண்ணியிடமும் பேசினேன். வட்டி வேண்டாம், கடிதம் தருகிறேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க முடியாது என்று மட்டும் அண்ணி சொன்னார், அது நியாயமானதே. அதனால் ஏழு ஆண்டுத் தவணை வேண்டாம் என்று, திட்டத்தையே சிறிதாக்கிப் பார்த்தோம்.

தானாகப் பொட்டலம் கட்டும் இயந்திரம் மட்டும் 6 லட்சம். அதைத் தள்ளிவைத்து, இப்போது போலவே ஆட்களை வைத்துக் கட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கூலி கூடும். திட்டச் செலவு 34 லட்சம்; எங்கள் சேமிப்பு 6, அண்ணன் 6, வங்கி 22 லட்சம், ஆறு ஆண்டுகள். செலவு போக மிஞ்சுவது 10.40, வீட்டு எடுப்பு போக 8.00. முதல் ஆண்டு அசலும் வட்டியும் 5.89 லட்சம். விகிதம் 1.36 வருகிறது. எண்ணெய் விலை ஏறினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஆண்டு எண்ணெய்ச் செலவு 12 லட்சம். விலை 10 விழுக்காடு ஏறி, பலகார விலையை ஏற்ற முடியாமல் போனால் 1.20 லட்சம் குறையும். பழைய திட்டத்தில் நகைக்கடனைச் சேர்க்காமலே அது 0.87 ஆகியிருக்கும், புதிய திட்டத்தில் 1.15 நிற்கிறது. பழைய திட்டத்தோடு கடன் வாங்கியிருந்தால் முதல் எண்ணெய் விலையேற்றத்திலேயே தவணை நின்றிருக்கும் என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. எங்கள் ஆண்டு விற்பனையில் ஏறக்குறைய பாதி ஆவணி முதல் ஐப்பசி வரை, தீபாவளியை ஒட்டி நடக்கிறது. தை மாதத்தில் கல்யாணங்களால் மறுபடியும் வேலை இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் அடுப்பு பாதி நாள் சும்மா இருக்கும். ஆண்டு விகிதம் 1.36 என்று இருந்தாலும், மாதத் தவணை 49,000 ரூபாயை ஆடி மாதத்தில் எங்கிருந்து கட்டுவது?

கடன்பிரிவில் இருந்தவன் எழுதியது:

அருமையாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், அம்மா. பொட்டலம் கட்டும் இயந்திரத்தைத் தள்ளிவைத்தது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

ஆண்டு விகிதம் மாதத்தைக் காட்டாது என்பது உண்மை. வட்டியை மாதந்தோறும், அசலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும்படி கேளுங்கள். அசல் நாட்கள் விற்பனை வந்து முடிந்த மாதங்களில் விழும்படி முதல் தவணைத் தேதியை அமைக்கச் சொல்லுங்கள். இயந்திரம் பொருத்தி ஓடத் தொடங்கும் வரை அசலுக்கு ஆறு மாத அவகாசமும் கேட்கலாம். மாதவாரியான வரவு செலவு அட்டவணை ஒன்றை, போன ஆண்டின் ஜி.எஸ்.டி. கணக்கு விற்பனையோடு ஒட்டித் தயாரித்துக் கொடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் எழுதியது:

எனக்கும் இதே சிக்கல் இருந்தது. மழைக்காலத்தில் கல் காயாது, விற்பனையும் இருக்காது. மூன்று மாத அசல் தவணை கேட்டபோது, கணினியில் மாதத் தவணைதான் ஏறும் என்று எங்கள் கிளையில் சொல்லிவிட்டார்கள். அதனால் நல்ல மாதங்களில் இரண்டு தவணைப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன்.

தேவகோட்டைக் கணக்கர் எழுதியது:

கணினி ஏற்காது என்பது சரியான காரணம் அல்ல. அனுமதிக் கடிதத்திலேயே தவணை முறையை எழுதச் சொல்ல வேண்டும், கடன் கொடுத்த பிறகு மாற்றுவதுதான் கடினம். ஆனால் ஆத்தங்குடித் தம்பி செய்வதும் தேவைதான். தீபாவளிச் சரக்கை வாங்கும் மதுரைக் கடைகள் உங்களுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கின்றன, ஆச்சி? கார்த்திகை கடந்துதான் கொடுக்கிறார்கள் என்றால் உங்கள் அசல் தேதி ஐப்பசியில் விழக் கூடாது.

கோட்டையூர்ப் பலகாரம் எழுதியது:

காரைக்குடிக் கடைகள் இரண்டு வாரத்தில் கொடுத்துவிடும். மதுரைக் கடைகளில் 45 நாள் ஆகும். சில கடைகளில் தை பிறந்த பிறகே வரும். கடைவாரியாகப் போன ஆண்டுத் தேதிகளை எடுத்து எழுதி, மாத அட்டவணையோடு வரும் திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன். அண்ணனின் கடிதத்துக்கு வங்கியில் தனிப் படிவம் இருக்கிறதா, முத்திரைத் தாளில் எழுத வேண்டுமா என்பது யாருக்காவது தெரிந்தால் அதற்குள் சொல்லுங்கள்.